நலவாழ்வுப் பகுதி: மனச்சோர்வுக்குக் குங்குமப்பூவா? காசைக் கொடுக்கும் முன் கணக்குப் பாருங்கள்



போன மாதம் ஓர் அக்கா சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். பெயர் வேண்டாம். "இதப் பாருங்க, ரெண்டு மாசமா பால்ல போட்டுக் குடிக்கிறேன். மனசு லேசாகும்னு சொன்னாங்க. ஒன்னும் ஆகலே" என்றார். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் வாங்கியதாம். டப்பாவில் 5 கிராம் குங்குமப்பூ என்று போட்டிருந்தது. விலை 10 வெள்ளி.

மகன் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து இவருக்கு ராத்திரியில் தூக்கம் சரியில்லை. சாப்பாட்டில் பிடிப்பில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியில் "குங்குமப்பூ மனக்கவலையைத் தீர்க்கும், டாக்டர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று இருந்திருக்கிறது. அதை நம்பி வாங்கியிருக்கிறார்.

அந்தச் செய்தி முழுப் பொய்யா என்றால், இல்லை. முழு உண்மையா என்றால், அதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் காசு கரைகிறது. அதனால் இந்த முறை இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆராய்ச்சியில் கொடுத்தது எது?

குங்குமப்பூவை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்த முக்கியமான ஆராய்ச்சிகள் ஈரான் நாட்டின் தெஹ்ரான் நகரில் நடந்தவை. உலகத்தின் குங்குமப்பூவில் பெரும்பங்கு விளைவதும் ஈரானில்தான். அங்கே மனநல டாக்டர்கள் 2004-ல் 30 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப்பேருக்கு இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து. மற்றப் பாதிப்பேருக்குக் குங்குமப்பூவிலிருந்து எடுத்த சத்து, ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். 2005-ல் 40 பேரை வைத்து, ஒரு பாதிக்கு அதே 30 மில்லிகிராம் சத்தும், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் குளிகையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. சத்து சாப்பிட்டவர்களே அதிகம் தேறினார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் மனம் சோர்ந்திருக்கிற 128 பேருக்கு நான்கு வாரம் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 28 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குப் பலன் தெரிந்தது. 22 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குத் தெரியவில்லை. அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

இதில் மூன்று சங்கதிகளை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, சோதித்தது எல்லாம் லேசான, அல்லது நடுத்தரமான சோர்வு. கடுமையான மனச்சோர்வுக்கு இது மருந்து என்று யாரும் காட்டவில்லை. இரண்டு, பேர் எண்ணிக்கை சிறியது, காலமும் நாலு முதல் எட்டு வாரம்தான். ஒரு வருடம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதில் பதில் கிடையாது. சில ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுத்தது அந்தச் சத்தைத் தயாரித்து விற்கும் கம்பெனியே. மூன்றாவதுதான் முக்கியம். அவர்கள் கொடுத்தது கடையில் விற்கிற இழை அல்ல. இழையைச் சாராயத்திலோ வேறு திரவத்திலோ ஊறவைத்து, சத்தை இறக்கி, உலர்த்தி, அளந்து குளிகையில் அடைத்தது. ஒவ்வொரு குளிகையிலும் எவ்வளவு சத்து என்று சோதித்து வைத்தது. அக்காவின் டப்பாவுக்கும் அந்தக் குளிகைக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

ஒரு பூவில் மூன்றே இழை

குங்குமப்பூ எப்படிப் பறிக்கப்படுகிறது என்று தெரிந்தால், கலப்படம் ஏன் இவ்வளவு என்பது தானே விளங்கும்.

ஊதா நிறப் பூ. வருடத்தில் சில வாரம் மட்டும், அக்டோபர், நவம்பர் வாக்கில் பூக்கும். ஈரானின் கொராசான் பகுதியிலும் காஷ்மீரின் பாம்போரிலும் தொழிலாளர்கள் விடியற்காலையில், வெயில் ஏறும் முன் குனிந்து பறிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பூவையும் பிரித்து, நடுவில் இருக்கும் மூன்று சிவப்பு இழைகளை மட்டும் கையால் எடுக்கிறார்கள். மிச்சப் பூவெல்லாம் கழிவுதான். காய்ந்த இழை ஒரு கிலோ சேர ஏறக்குறைய 1,50,000 பூ வேண்டும்.

இருட்டிலே எழுந்து பால்மரம் சீவியவர்கள் நாம். கைவேலையின் விலை நமக்குத் தெரியாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராமுக்கு 150 பூ. அக்காவின் 5 கிராமுக்கு 750 பூ. பத்து வெள்ளியை 750 பூவுக்குப் பங்கிட்டால் ஒரு பூவுக்கு ஒன்றரைக் காசு கூட வராத குறை. அதற்குள்ளே பயிரிட்டவன், பறித்தவள், இழை பிரித்தவள், கப்பல் கூலி, மொத்த வியாபாரி, கடைக்காரர், டப்பா எல்லாரும் அடங்க வேண்டும். எப்படி அடங்கும்? அடங்காது. அது குங்குமப்பூவாக இருக்கவே முடியாது. டப்பாவைத் திறக்காமலேயே இதைச் சொல்லிவிடலாம்.

டப்பாவைத் திறந்தோம்

இருந்தாலும் அக்காவின் கண்முன்னே சோதித்துக் காட்டினேன். வீட்டில் நீங்களும் செய்யலாம்.

ஒரு கண்ணாடிக் கிளாசில் பச்சைத் தண்ணீர், சூடு வேண்டாம். நாலைந்து இழையைப் போட்டு, கலக்காமல் விட்டுவிட வேண்டும். நல்ல குங்குமப்பூ அவசரப்படாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக நிறம் இறங்கும். இறங்கும் நிறம் தங்க மஞ்சள், சிவப்பு அல்ல. இழை மட்டும் சிவப்பாகவே இருக்கும். அக்காவின் டப்பாவிலிருந்து போட்டதோ, போட்ட மாத்திரத்தில் ரத்தச் சிவப்பாகக் கரைந்தது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது, இழை வெளுத்துப்போய் வைக்கோல் நிறத்தில் மிதந்தது. அவ்வளவும் சாயம்.

அடுத்து இழையை விரித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. நல்ல இழை ஒரு பக்கம் மெலிந்து, மறு பக்கம் நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்து, ஓரம் சுருக்கம் விட்டிருக்கும். குசும்பப்பூ என்று ஒன்று உண்டு. எண்ணெய் வித்துச் செடியின் பூ. சிவந்து காய்ந்தால் தூரத்தில் குங்குமப்பூ மாதிரியே தெரியும். அது மெல்லிய குழாய் போல இருந்து நுனியில் ஐந்து சிறு இதழாகப் பிரிந்திருக்கும். சோளக்கதிரின் முடிக்குச் சாயம் போட்டதென்றால் நுனி விரியாது, ஒரே பருமனில் நூல் மாதிரி இருக்கும். அக்காவிடம் இருந்தது அந்த மாதிரி நூல்தான்.

வாயில் ஓர் இழையை வைத்துப் பாருங்கள். வாசம் இனிப்பாக வரும், ருசி கசக்கும். இனித்தால் தேனோ பாகோ தடவி எடை ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளைக் காகிதத்தில் வைத்து அழுத்தினால் எண்ணெய்க் கறை விழுந்தாலும் அதே கதைதான்.

தூளாக விற்பதை வாங்கவே வேண்டாம். தூளில் வடிவம் தெரியாது. மஞ்சள் கலந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. ஆரத்தி கரைக்க மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதல்லவா? தூளைத் தண்ணீரில் கரைத்துத் துளி சுண்ணாம்பு விடுங்கள். செங்காவி நிறமானால் உள்ளே மஞ்சள் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: நெற்றிக்கு இடுகிற குங்குமத்துக்கும் குங்குமப்பூவுக்கும் சம்பந்தமில்லை. பெயரைக் கேட்டு அதை வாயில் போட்டுவிடாதீர்கள்.

இந்த வீட்டுச் சோதனைகள் முரட்டுத்தனமான மோசடியைத்தான் பிடிக்கும். பாதி நல்லது, பாதி கெட்டது என்று கலந்தால் ஏமாந்துவிடுவோம். இழையின் அடியில் இருக்கும் சத்தில்லாத மஞ்சள் காம்பையும் சேர்த்து நிறுத்துப் போட்டால் அதுவும் செடியிலிருந்து வந்ததுதான், தண்ணீர் சோதனையில் தெரியாது. பல வருடம் கிடந்து சத்துப் போனதும் தெரியாது. அதைச் சோதனைச்சாலையில் ஒளிக்கருவி வைத்துத்தான் அளக்க முடியும். ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி மையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், அங்கே சோதித்த குங்குமப்பூ மாதிரிகளில் 100-க்கு 11 சந்தேகத்துக்குரியவை என்று கண்டது. கட்டுக்காவல் மிகுந்த சந்தையிலேயே அந்த நிலை.

இந்த மோசடி இன்று நேற்று வந்ததல்ல. 1444-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் கலப்படக் குங்குமப்பூ விற்ற வணிகர் ஒருவரை அவருடைய சரக்கோடு சேர்த்தே எரித்திருக்கிறார்கள். அந்தத் தண்டனை நமக்கு வேண்டாம். ஆனால் இங்கேயும் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம் இருக்கிறது. கலப்பட உணவு விற்பது குற்றம். ரசீதையும் மிச்சச் சரக்கையும் டப்பாவோடு வைத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஜார்ஜ் டவுனில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது. அக்காவிடம் ரசீது இல்லை. "பத்து வெள்ளிச் சாமானுக்கு யாரு ரசீது கேப்பா?" என்றார். கேட்க வேண்டும். கேட்காததால்தான் துணிந்து விற்கிறார்கள்.

நல்ல சரக்கே கிடைத்தால்?

சரி, உண்மையான குங்குமப்பூவே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூவில் மூன்று இழை, ஒரு கிராமுக்கு 150 பூ, ஆக ஒரு கிராமில் சுமார் 450 இழை. ஓர் இழை 2 மில்லிகிராமுக்குச் சற்று மேலே. 30 மில்லிகிராம் என்றால் பதின்மூன்று, பதினான்கு இழை. அப்படிப் போட்டால் ஒரு கிராம் ஒரு மாதத்துக்கு வரும். ஆனால் ஆராய்ச்சியில் கொடுத்த 30 மில்லிகிராம் சத்தும், பாலில் போடும் 30 மில்லிகிராம் இழையும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். சத்து என்பது இழையை வடித்துச் சுருக்கியது. பாலில் போடுவது ருசிக்கு நல்லது, மருந்து என்று அதை நம்பியிருக்க முடியாது.

"அப்படின்னா நிறையப் போட்டா சரியாப் போயிடுமே?" என்று கேட்பீர்கள். வேண்டாம். நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் வரை பெரிய கெடுதல் இல்லை என்கிறார்கள். 5 கிராமைத் தாண்டினால் விஷம். 10 கிராம் அளவில் கரு கலையும் ஆபத்து உண்டு. அதற்கும் மேலே போனால் உயிருக்கே கேடு. கர்ப்பிணிப் பெண்கள் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று குங்குமப்பூப் பால் குடிப்பது நம்மிடையே வழக்கம். பிள்ளையின் நிறத்தை முடிவு செய்வது தாய் தகப்பனிடமிருந்து வரும் பரம்பரை. பால் அல்ல. சமையலுக்கு இரண்டு மூன்று இழை போட்டால் பாதகமில்லை. சத்துக் குளிகையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

குளிகை வாங்க நினைப்பவர்கள் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கம் பெரிதாக 500 என்று போட்டிருக்கும். அது குளிகையின் மொத்த எடையாக இருக்கலாம். குங்குமப்பூச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று பின்பக்கம் சிறிய எழுத்தில் தேடுங்கள். எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுப்பது அது. அந்த எண் இல்லாத குளிகையை வாங்காதீர்கள். "மனநோயைக் குணப்படுத்தும்" என்று விளம்பரம் போட்டிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது.

விலைக்கும் கணக்கு உண்டு. ஒரு பேச்சுக்கு, 30 குளிகை 90 வெள்ளி என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 3 வெள்ளி. ஆராய்ச்சியில் சொன்ன ஆறு வாரத்துக்கு 126 வெள்ளி. 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலைக்குப் பங்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளி. ஆக, இரண்டு நாள் உழைப்பு அந்தப் பெட்டிக்குள் போகிறது. நம் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்க 1 வெள்ளி.

அதனால் என் கருத்து இதுதான்

குங்குமப்பூச் சத்து வெறும் ஏமாற்று வித்தை என்று நான் சொல்லவில்லை. லேசான சோர்வு உள்ளவர், பதிவு எண் உள்ள சரக்கை, ஒரு நாளைக்கு 28 முதல் 30 மில்லிகிராம் அளவில், டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆறு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். வயிற்றுக் குமட்டல், தலைவலி, பசி மாற்றம் சிலருக்கு வரும். ஏற்கெனவே மனச்சோர்வு மருந்தோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ, ரத்தக் கொதிப்பு மருந்தோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ஒரு காலம் அளவுக்கு மீறிய உற்சாகம், ஒரு காலம் சோர்வு என்று மாறி மாறி வரும் நோய் உள்ளவர்களும் அப்படியே. இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது எல்லாவற்றிலும் பெரிய தப்பு.

ஆனால் முதலில் போக வேண்டிய இடம் கடைத்தெரு அல்ல, கிளினிக். ஏன் என்றால், சோர்வு என்று நாம் சொல்வது எல்லாம் மனசில் தொடங்குவதில்லை. ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தாலும், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமானாலும், இனிப்புநீர் இருந்தாலும் இதே அசதி, இதே பிடிப்பின்மை வரும். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிளினிக் கெசிஹாத்தானில் மனநலம் பற்றிய கேள்வித்தாளும் வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தாலோ, படுக்கையை விட்டு எழ முடியாவிட்டாலோ, குடி கூடினாலோ, பிள்ளை பெற்ற தாய் பிள்ளையைப் பார்க்கவே வெறுத்தாலோ, குங்குமப்பூ என்று நாளைக் கடத்தாதீர்கள். "செத்துப் போயிடலாம்னு தோணுது" என்று ஒருவர் சொன்னால் அது வெறும் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. 

அக்காவைக் கிளினிக்குக்கு அனுப்பினோம். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மனநல ஆலோசகரைப் பார்க்க இன்னொரு தேதியும் போட்டிருக்கிறார்கள். "டாக்டரம்மா கேட்டாங்க, நானும் எல்லாத்தையும் சொல்லி அழுதேன்" என்றார் திரும்பி வந்து. முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிவப்பு நூல் டப்பா இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு வரும்போது கேளுங்கள், ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுக் காட்டுகிறேன்.